வேலையை விட்டவரின் லாகினில் தொங்கும் கடை

ஃபேஸ்புக்கில் கடைக்கு ஒரு பக்கம் வைத்திருக்கும் பலரும், அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்ட் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. முதலாளியோ, ஊழியரோ, விளம்பர ஏஜென்சிக்காரரோ, யார் உள்ளே போனாலும் தன் சொந்த ஃபேஸ்புக் கணக்கின் வழியாகத்தான் போகிறார். கடையின் பெயரில் நடக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் பின்னால் ஒரு தனி மனிதரின் லாகின் இருக்கிறது. அந்த மனிதர் வேலையை விட்டுப் போகும்போதுதான் இதன் அர்த்தம் புரிய ஆரம்பிக்கும்.

சேலத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். சோஷியல் மீடியா வேலையை மூன்று வருஷமாக ஒரு பெண் பார்த்துக்கொண்டார். முகூர்த்த மாதங்களில் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் ஓடும். அதைத் தட்டினால் பெயர், போன் நம்பர், கல்யாணத் தேதி கேட்கும் ஒரு படிவம் திறக்கும். வாடிக்கையாளர் நிரப்பி அனுப்பிய சில நொடிகளில் அந்த விவரம் கடையின் கூகுள் ஷீட்டில் ஒரு வரியாக வந்து விழும். விற்பனைப் பிரிவு அதைப் பார்த்து போன் செய்யும். இடையில் நின்று படிவத்தை ஷீட்டுக்குக் கொண்டுபோவது ஜாப்பியர் என்ற சேவை. இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே யாராவது ‘விலை?’ என்று கேட்டால் தானாகப் பதில் அனுப்ப மெனிசாட் இருக்கிறது. காலை பத்து மணிப் பதிவை ஏற்றுவது பஃபர். எல்லாவற்றையும் அந்தப் பெண்தான் தன் லாகினில் இணைத்து வைத்தார். அன்றைக்கு அவரைத் தவிர அதைச் செய்ய யாரும் இல்லை.

அவர் கடைசி நாள் வேலை முடித்துக் கிளம்பிய அன்று இரவே, முதலாளியின் தம்பி மகன் ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து அவரை நீக்கிவிட்டு, இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டையும் மாற்றுகிறார். செய்தது தப்பில்லை, செய்த நேரம்தான் தப்பு. மறுநாள் காலைப் பதிவு ஏறவில்லை. அது கண்ணில் படும், சரிசெய்துவிடலாம். ஆனால் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது, படிவம் திறக்கிறது, நிரப்பினவருக்கு நன்றி என்ற திரையும் வருகிறது. ஷீட்டில் மட்டும் புது வரி இல்லை. இரண்டு வாரம் கழித்து, “என்னப்பா, இந்த சீசன் இவ்வளவு டல்லா இருக்கு?” என்று யாராவது கேட்கும்வரை இதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஏன் இப்படி நின்றது என்று புரிந்துகொண்டால், என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

அந்தப் பெண் ஜாப்பியரை ஃபேஸ்புக்கோடு இணைத்தபோது பாஸ்வேர்டை ஜாப்பியரிடம் கொடுக்கவில்லை. ஃபேஸ்புக் அவரைக் கேட்டது, அவர் சம்மதித்தார், ஃபேஸ்புக் ஜாப்பியருக்கு டோக்கன் என்ற நீளமான எழுத்துச் சரம் ஒன்றைக் கொடுத்தது. அது கிட்டத்தட்ட பவர் பத்திரம் மாதிரி. ‘என் சார்பில் இந்தப் பக்கத்தின் படிவங்களை இவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பவர் எழுதிக் கொடுத்தவருக்கே சொத்தில் உரிமை போய்விட்டால், அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு என்ன உரிமை மிஞ்சும்? பக்கத்துக்கான டோக்கனுக்குக் காலாவதித் தேதியே இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் மூன்று வருஷம் யாரும் தொடாமலே ஓடியது. ஆனால் டோக்கன் தந்தவர் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டாலோ, தன் ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றினாலோ, அந்தச் சேவையைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாலோ அது அந்தக் கணமே செல்லாமல் போகலாம். அப்போது ஃபேஸ்புக் அந்தச் சேவைக்குச் சொல்லும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
"type": "OAuthException",
"code": 190
```

190 என்ற எண்ணைப் பார்த்தால் டோக்கன் செத்துவிட்டது என்று அர்த்தம். கூடவே 460 என்ற துணை எண் வந்தால் பாஸ்வேர்ட் மாறியிருக்கிறது. 458 வந்தால் அந்தச் சேவையை யாரோ கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

படிவம் சத்தமில்லாமல் நின்றதற்கும் காரணம் உண்டு. ஒருவர் படிவத்தை நிரப்பியதும் ஃபேஸ்புக் அந்த விவரத்தை அப்படியே அனுப்புவதில்லை. ‘புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதன் எண் இது’ என்று மட்டும் தகவல் சொல்லும். பெயரையும் போன் நம்பரையும் எடுக்க, இணைத்த சேவை அந்த எண்ணோடு டோக்கனைக் காட்டித் திரும்பக் கேட்க வேண்டும். டோக்கன் செத்திருந்தால் கதவு திறக்காது. இதில் வாடிக்கையாளருக்கோ விளம்பரத்துக்கோ எதுவும் தெரியாது. பிழை நடந்தது பற்றி ஜாப்பியர் ஈமெயில் அனுப்பியிருக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை யாருடைய ஈமெயிலில் திறந்தார்கள்? வேலையை விட்டுப் போன பெண்ணின் ஜிமெயிலில். எச்சரிக்கை எல்லாம் அவருடைய இன்பாக்ஸில் போய் விழுந்துகொண்டிருக்கும். அவர் அதை ஏன் திறந்து பார்க்கப் போகிறார்?

ஆகவே ஆளை நீக்குவது இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்கு நோட்டீஸ் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பது. சின்னக் கடைகளில் அது அந்த ஊழியரிடம் மட்டும் இருப்பது சகஜம். அப்படியானால் முதலாளியை அவரே இன்றைக்கே சேர்க்க வேண்டும், நாளைக்குத் தள்ளக்கூடாது. புதிதாக முழுக் கட்டுப்பாடு பெற்ற ஒருவர் வந்த கையோடு மற்றவரை நீக்கிவிட முடியாதபடி ஃபேஸ்புக் ஒரு வாரம்வரை காக்க வைப்பதுண்டு. கணக்கைத் திருடியவன் உடனே உரிமையாளரை வெளியே தள்ளிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கடைசி நாள் சாயங்காலம் இதைக் கண்டுபிடித்தால் கையைப் பிசைவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது பட்டியல். இதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அந்தப் பெண் எந்தெந்தச் சேவைகளை இணைத்திருக்கிறார் என்ற முழு விவரம் பக்கத்தின் அமைப்புகளில் கிடைக்காது. அது அவருடைய சொந்த ஃபேஸ்புக் கணக்கின் அமைப்புகளில், Business integrations என்ற இடத்தில் இருக்கிறது. கூகுள் பக்கம் என்றால் அவருடைய ஜிமெயிலில் myaccount.google.com/connections என்ற முகவரியில் இருக்கும். இரண்டையும் திறக்க அவரால்தான் முடியும். அதனால் அவர் வேலையில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக என்ன வேலை செய்கிறது, எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்று எழுதி வாங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் நடத்திய ஒரு போட்டிக்காக இணைத்து மறந்துபோன சேவைகூட அங்கே கிடக்கும்.

கூடவே அவரிடம் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும்: “நான் சொல்றவரைக்கும் அங்க Remove-ங்கற பட்டனை மட்டும் தொடாதம்மா.” பொறுப்பான ஊழியர்கள்தான் இதில் விபத்தை உண்டாக்குகிறார்கள். போகும்போது சுத்தமாக விட்டுப் போக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் கடைசி நாள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். கடையில் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றுபோகும்.

இனி, புது லாகின் யாருடையது? ‘கடை அட்மின்’ என்று ஒரு பொய்க் கணக்கைத் திறந்து அதில் எல்லாவற்றையும் இணைத்துவிட்டால், யார் போனாலும் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். தனி நபர் கணக்கு உண்மையான மனிதருடையதாக இருக்க வேண்டும் என்பது ஃபேஸ்புக்கின் விதி. ஒருநாள் அது அடையாள அட்டை கேட்கும், கொடுக்க முடியாது, கணக்கு முடங்கும். அதில் தொங்கும் எல்லாமும் முடங்கும். மெட்டாவின் பிசினஸ் அமைப்புகளில் System users என்று ஆள் சாராத ஒரு வசதி இருப்பது உண்மை. அதன் டோக்கனைக் காலாவதி இல்லாமல்கூட எடுக்கலாம். ஆனால் கடைக்கென்று யாராவது புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தால்தான் அது உதவும். ஜாப்பியர், பஃபர் போல ‘ஃபேஸ்புக்கில் லாகின் செய்யுங்கள்’ என்று கேட்கும் சேவைகளுக்கு ஒரு மனிதர் வேண்டும். சின்னக் கடையில் அந்த மனிதர் முதலாளியோ பங்குதாரரோ ஆக இருப்பதுதான் நல்லது. அடுத்த ஊழியருடைய லாகினில் மாற்றி வைத்தால், அவர் போகும்போது இதே வேலை மறுபடி வரும். முதலாளி ஆனாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவர் தன் ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றும் நாளில் இந்த இணைப்புகளைப் புதுப்பிக்க வேண்டி வரலாம்.

மாற்றும் வேலையில் ஒரு குழி இருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் அந்தப் பெண்ணின் ஃபேஸ்புக் திறந்தபடியே கிடக்கும். அதே பிரவுசரில் ஜாப்பியரில் புது இணைப்புக் கொடுத்தால், ஃபேஸ்புக் புதிதாக லாகின் கேட்காது. அவர் பெயரைப் போட்டு Continue as என்று ஒரு பட்டனை நீட்டும். அவசரத்தில் அதை அழுத்திவிடுவோம். புது இணைப்பு வந்துவிட்டது, பச்சை விளக்கும் எரிகிறது, ஆனால் உள்ளே இருப்பது பழைய ஆளே. எனவே பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் முதலாளி தன் கணக்கில் நுழைந்து, பட்டனில் தன் பெயர்தான் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு அழுத்த வேண்டும்.

நம் சேலைக் கடையில் இதைச் செய்து பார்ப்போம். முதலில் ஜாப்பியர் கணக்கின் ஈமெயிலைக் கடையின் ஈமெயிலாக மாற்றுகிறார்கள். இனி எச்சரிக்கைகள் சரியான இடத்துக்கு வரும். பிறகு முதலாளியின் லாகினில் புதிய ஃபேஸ்புக் இணைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்பின் முதல் படியைத் திறந்து, பழைய இணைப்பை எடுத்துப் புதியதை வைத்து, பக்கத்தையும் படிவத்தையும் மறுபடி தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசியில் Publish அழுத்தியாக வேண்டும். இல்லையென்றால் செய்த மாற்றம் வரைவாகவே நின்று, பின்னால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். புது ஜாப் ஒன்றைத் தனியாக உருவாக்கிப் பழையதையும் ஓட விட்டால் ஒரே வாடிக்கையாளர் ஷீட்டில் இரண்டு வரியாக விழுவார், விற்பனைப் பிரிவு அவருக்கு இரண்டு முறை போன் செய்யும்.

சங்கிலியின் மறு முனை ஷீட். அது அந்தப் பெண்ணின் ஜிமெயிலில் உருவானது. அதற்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் போதும் என்று தோன்றும். போதாது. பிரதி எடுத்தால் ஷீட்டின் அடையாள எண் மாறிவிடும், ஜாப்பியர் பழைய எண்ணுக்கே எழுதிக்கொண்டிருக்கும். உரிமையை மாற்றினால் எண் மாறாது. அவர் ஷீட்டின் பகிர்வு அமைப்பில் முதலாளியின் ஜிமெயிலுக்கு உரிமை மாற்றக் கோரிக்கை அனுப்ப, முதலாளி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். சாதாரண ஜிமெயிலிலிருந்து இன்னொரு சாதாரண ஜிமெயிலுக்கு இது நடக்கும். கடை கட்டணம் செலுத்தி வாங்கிய வொர்க்ஸ்பேஸ் ஈமெயிலுக்கு இப்படி மாற்ற முடியாது. அந்தக் கடைகள் புதிய ஷீட்டை உருவாக்கி ஜாப்பியரில் அதைக் காட்ட வேண்டும். எப்படியானாலும் ஜாப்பியரின் கூகுள் இணைப்பு ஃபேஸ்புக் இணைப்பிலிருந்து தனியானது. அதையும் முதலாளியின் லாகினுக்கு மாற்றினால்தான் வேலை முடியும்.

இன்னொரு இடமும் உண்டு. பிசினஸ் அமைப்புகளில் Leads access என்று ஒரு பகுதி இருக்கிறது. படிவ விவரங்களை யார் பார்க்கலாம், எந்தச் சேவை எடுக்கலாம் என்பதை அங்கே கட்டுப்படுத்தியிருந்தால், முதலாளி பக்கத்தின் உரிமையாளராகவே இருந்தாலும் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் விவரம் வராது. எல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லையே என்று தலையைச் சொறியும் பலருக்கும் சிக்கல் இங்கேதான் இருக்கும்.

சோதித்துப் பார்க்க, தெரிந்தவரைப் படிவம் நிரப்பச் சொல்ல வேண்டியதில்லை. மெட்டாவே அதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறது: developers.facebook.com/tools/lead-ads-testing. பக்கத்தையும் படிவத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு சோதனைப் படிவத்தை உருவாக்கினால், ஷீட்டில் dummy data என்று பெயர் போட்ட ஒரு வரி வந்து விழ வேண்டும். ஒரு படிவத்துக்கு ஒரு சோதனைதான் நிற்கும், அடுத்ததற்கு முன் பழையதை அழிக்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனை இப்போது வெற்றி பெற்றதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. அந்தப் பெண் இன்னும் பக்கத்தில் இருக்கிறார். வேறு ஏதாவது ஒன்று அவருடைய டோக்கனில் ஓடிக்கொண்டிருந்தால் அதை இந்தச் சோதனை காட்டிக் கொடுக்காது. நீக்கிய பிறகு செய்யும் சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

ஆகையால் நீக்குவதற்கு நாள் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், கடைசி நாளும் வேண்டாம். அவர் இன்னும் இரண்டு மூன்று நாள் வேலைக்கு வரப்போகிற ஒரு செவ்வாய்க்கிழமை காலை நல்லது. விற்பனை மந்தமாக இருக்கும், ஏதாவது நின்றால் பக்கத்து நாற்காலியிலேயே கேட்டுக்கொள்ளலாம். நின்றுபோனால் அவரைப் பக்கத்தில் திரும்பச் சேர்க்கலாம்தான். ஆனால் சேர்த்ததும் பழைய டோக்கன் தானாக உயிர் பெற்றுவிடும் என்று நம்பக்கூடாது, மறுபடி லாகின் செய்து இணைக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்வதற்குப் பதில் முதலாளியின் லாகினிலேயே இணைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்ஸ்டாகிராமின் வழி வேறு. அங்கே கடைக்கென்று பாஸ்வேர்ட் உண்டு, நாலைந்து பேருக்குத் தெரிந்திருக்கும். பாஸ்வேர்டை மாற்றும் முன் இரட்டைச் சரிபார்ப்பு எண் யாருடைய போனுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். அது அந்தப் பெண்ணின் நம்பராக இருந்தால், புதுப் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு கடையே வெளியே நிற்கும். போன் நம்பர் முதலில், பாஸ்வேர்ட் அடுத்து, மற்ற கருவிகளிலிருந்து வெளியேற்றுவது அதற்கும் அடுத்து. மெனிசாட்டை ஃபேஸ்புக் வழியாக இணைத்திருந்தால் அது சார்ந்திருப்பது இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை அல்ல, அவருடைய ஃபேஸ்புக் லாகினை. அதையும் முதலாளியின் பெயரில் புதுப்பிக்க வேண்டும். முடித்தபின் வேறொரு கணக்கிலிருந்து ‘விலை?’ என்று கேட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் நல்லபடியாகப் பேசிப் பிரிகிறவர்களுக்கு. சண்டை போட்டுக்கொண்டு போகும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கத்தான் வேண்டும். 2013 ஜனவரி 31 அன்று பிரிட்டனின் ஹெச்எம்வி இசைக் கடை நிறுவனம் ஆட்களை வேலையை விட்டு நீக்கிக்கொண்டிருந்தபோது, அதை நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கிலேயே ஊழியர் ஒருவர் நேரடி வர்ணனையாக எழுதினார். ட்விட்டரை எப்படி மூடுவது என்று மார்க்கெட்டிங் தலைவர் கேட்டதைக்கூட எழுதிவிட்டார். அந்த மாதிரி நிலைமையில் முதலில் ஆளை நீக்குங்கள், உடைவது உடையட்டும். அதே நாளில் இணைப்புகளை ஒவ்வொன்றாக முதலாளியின் லாகினில் போடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் வந்த படிவங்கள் தொலைந்துவிடுவதில்லை. மெட்டா அவற்றை 90 நாள் வைத்திருக்கும். மெட்டா பிசினஸ் சூட்டில் அந்தப் படிவத்துக்குப் போய் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். 90 நாள் தாண்டினால் அந்தப் போன் நம்பர்கள் திரும்பக் கிடைக்காது. சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிய வந்தால் முதல் சில வாரங்களை இழந்திருப்போம்.

எந்த வழியில் நீக்கினாலும் அடுத்த ஒரு வாரம் தினமும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். விளம்பரப் பகுதி நேற்று எத்தனை படிவம் வந்ததாகச் சொல்கிறது, ஷீட்டில் நேற்றைய தேதியில் எத்தனை வரி இருக்கிறது? இரண்டும் ஒத்துப்போனால் சங்கிலி முழுசாக இருக்கிறது. அங்கே எட்டும் இங்கே பூஜ்யமும் என்றால் டோக்கன் போயிருக்கிறது. அங்கே எட்டு, இங்கே ஐந்து என்றால் ஒரு படிவம் மட்டும் மாற்றப்படாமல் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் அது யாரோ பழைய விளம்பரத்திலிருந்து நகலெடுத்த இரண்டாவது படிவமாக இருக்கும்.

வாரம் முழுக்க எண்கள் ஒத்துப்போன பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் செய்து, Business integrations பகுதியிலும் கூகுளிலும் கடை சம்பந்தப்பட்டவற்றை இப்போது எடுத்துவிடலாம் என்று சொல்லலாம். அவர் எடுக்கும்போது கடையின் ஷீட்டைத் திறந்து வைத்திருந்து, எடுத்த பிறகு ஒரு சோதனைப் படிவத்தை அனுப்பிப் பாருங்கள்.